மூன்றாம் கேள்வியைத் திருடியவர்

கொட்டாவிக்கு அன்றுதான் முதல் நேர்காணல். பதில் சொல்ல அல்ல, கேள்வி கேட்க.

ராத்திரி ஷிஃப்டில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சீனியர் டெவலப்பர். கொட்டாவி பகலுக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

தன்னை இதுவரை நேர்காணல் செய்த அத்தனை பேரும் அநியாயக்காரர்கள் என்பது அவர் கட்சி. ஒருவர் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டார். இன்னொருவர் சட்டையைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார். தான் அப்படி இருக்கக் கூடாது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்.

புதிர்கள் கிடையாது. வேலையில் நிஜமாக வரும் சிக்கல்கள் நான்கு. வேலை கேட்டு வரும் மூன்று பேருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. எந்தப் பதிலுக்கு நான்கில் எத்தனை என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தார். அவர்கள் பேசுவதை அப்படியே குறித்துக்கொள்வது. 'கெட்டிக்காரர்', 'திமிர்' போன்ற அபிப்பிராயங்களுக்கு இடமில்லை. மதிப்பெண்ணை அந்தந்த ஆள் வெளியே போனதுமே போட்டுவிட வேண்டும்.

"கேள்விகளை முதல்ல யார்கிட்டயாவது கேட்டுப் பாத்துடுங்க சார்" என்றார் எச்.ஆர். மேடம்.

கொட்டாவி தன்னிடமே கேட்டுப் பார்த்தார். பதினாறுக்குப் பதினாறு.

முதல் ஆள் சுமார். இரண்டாவதாக வந்த பெண் மற்றதற்கெல்லாம் நன்றாகச் சொன்னாள். மூன்றாம் கேள்வியில்தான் தகராறு. பேருந்தில் ஒரே ஒரு இருக்கை பாக்கி. இரண்டு பேர் ஒரே நொடியில் முன்பதிவு பொத்தானை அழுத்துகிறார்கள். இருக்கை இரண்டு பேருக்கும் போய்விடாமல் எப்படித் தடுப்பது?

"காலியா இருக்கான்னு பாக்கணும். பேரை எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்தா போதாதா?" என்று கொட்டாவியே எடுத்துக் கொடுத்தார்.

"போதாது சார்" என்று அவள் ஏதோ விளக்கினாள். அவர் தலையைக் குனிந்தபடி முழுவதையும் எழுதிக்கொண்டார். அவர் எழுதிவைத்த விடைத்தாளில் அப்படி எதுவும் இல்லை. ஒன்று போட்டார். நியாயம் என்றால் நியாயம்.

மூன்றாவது ஆள் சிவப்புப் பையோடு வந்தான். உள்ளே வருமுன் எச்.ஆர். மேடத்திடம், "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்குக்கா?" என்று அவன் விசாரித்தது கொட்டாவியின் காதில் விழுந்தது.

மூன்றாம் கேள்வி.

"ரெண்டு தடவை பாக்கணும் சார். வீட்டைப் பூட்டிட்டு, தெருமுனை வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாக்குற மாதிரி."

கொட்டாவியின் பேனா நின்றது. அந்தப் பூட்டும் தெருமுனையும் விடைத்தாளில் இருந்தன. சொல் பிசகாமல்.

அவனை உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து, மேலாளருக்குச் செய்தி தட்டினார்: 'விடை கசிந்திருக்கிறது. இதை வெளியே விட்டது யாராக இருந்தாலும், இனி நேர்காணல் அறைக்குள் கால் வைக்கக் கூடாது.'

பிறகு எச்.ஆர். மேடத்தைப் பிடித்தார். "என் விடை கசிஞ்சிருக்கு. அவன் உங்களுக்குத் தம்பி முறையா?"

"யாரு?"

"உங்க அம்மா உடம்பைப் பத்தி விசாரிக்கிறானே!"

"போன வாரம் அம்மாவை ஆஸ்பத்திரில சேத்தேன்னு இந்த நேர்காணலையே தள்ளி வெச்சேன். மூணு பேருக்கும் போன் பண்ணி நான்தானே காரணம் சொன்னேன்? மனுஷன் விசாரிக்க மாட்டானா?" மேடத்தின் குரல் உயர்ந்தது. "உங்க விடைத்தாள் ஃபைலை யார் யார் திறந்தாங்கன்னு கம்ப்யூட்டர்லயே இருக்கும். பாருங்க, அப்புறம் பேசுங்க."

பார்த்தார். முப்பத்தெட்டு தடவை திறக்கப்பட்டிருந்தது. முப்பத்தெட்டும் அவரே.

இருவரும் அறைக்குத் திரும்பினார்கள். "தம்பி, அந்தப் பூட்டுக் கதை எங்க கிடைச்சுது? உண்மையைச் சொல்லு" என்றார் கொட்டாவி.

சிவப்புப் பைக்காரன் பயந்துபோய்ப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தான். "டெவலப்பர்கள் கேள்வி-பதில் தளம் ஒண்ணு இருக்கு சார். அதுல இருந்த எட்டு வருஷப் பழைய பதில். உதாரணம் நல்லா இருந்துச்சு, மனப்பாடம் பண்ணிட்டேன். தப்பா சார்?"

கொட்டாவி முதல் தாளைப் பிடுங்கினார். அதே பூட்டு, அதே தெருமுனை. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'சுத்தத் தவறு. இரண்டாவது தடவையும் இரண்டு பேரும் ஒரே நொடியில் பார்த்தால்?'

தன் குறிப்பைப் புரட்டினார். இரண்டாவது பெண் சொன்னது அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'எத்தனை தடவை பாத்தாலும் ரெண்டு பேருக்கும் காலின்னுதான் தெரியும். பாக்குறதும் எழுதறதும் ஒரே கட்டளையா இருக்கணும். காலியா இருந்தா மட்டும் பேரைப் போடுன்னு டேட்டாபேஸ்கிட்ட சொல்லணும். ஒருத்தருக்கு நடக்கும், இன்னொருத்தருக்கு இடமில்லைன்னு திரும்பி வரும்.'

ஒன்றை அடித்து நான்கு போட்டார். வேலை அவளுக்குத்தான்.

செல்போன் அதிர்ந்தது. மேலாளர்: 'முழு சம்மதம். ஆள் யாரென்று தெரிந்ததும் பெயரைச் சொல்லுங்கள்.'

"இந்தக் கண்றாவியை எழுதின முட்டாள் யாருப்பா?" என்றார் கொட்டாவி.

"பேரு ரெண்டாவது தாள்ல இருக்கு சார்."

எச்.ஆர். மேடம் அதை வாங்கிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு நிதானமாக, எழுத்து எழுத்தாக வாசித்தார்.

"கொட்டாவி."