வாசல்வரை வந்த புகை

கடலூர்க் கடற்காற்றையே ஒரு துண்டுச் சீட்டால் திருப்பி அனுப்பப்போவது தாம்தான் என்கிறார், ரயில்வேயில் ஓய்வுபெற்ற மரியலூர்து. மனைவி சவரிமேரி நம்பவில்லை. சிதம்பரத்துத் தங்கை வீட்டோடு போய்விடப் பையைக் கட்டிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். எதிர் ஃபிளாட் பூங்காவனம் அந்தியில் சாம்பிராணி போட்டால், அவள் வீட்டுப் பால்கனியில் நுழையும் கடற்காற்று புகையை வாசல் வழியே இங்கே தள்ளிவிடுகிறது. சவரிமேரிக்கு இரவெல்லாம் மூச்சிழுப்பு. விளக்கேற்றும் நேரத்தில் லட்சுமி வரும் வாசலை அடைக்கச் சொல்ல முடியுமா? அதனால் பூங்காவனத்துக்குச் சீட்டில் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்: “அம்மா, வாசல் திறந்தே இருக்கட்டும். பால்கனிக் கதவை மட்டும் சாத்தி, அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுப் பாருங்களேன்.”

இதோ, எதிர் வீட்டில் விளக்கு எரிகிறது. பால்கனிக் கதவு சாத்தப்படுகிறது, ஃபேன் உறுமுகிறது. “ஏரோப்ளேனே கெளம்புது பாரு, மேரி!” தூபக்காலில் சிவந்திருக்கும் கொட்டாங்குச்சிக் கனல்மீது பூங்காவனம் தூளைத் தூவுகிறாள். வெண்புகை யானைக்கூட்டமாய் எழுந்து வாசல்வரை வருகிறது, நிலைப்படியில் தயங்குகிறது. நடையிலிருந்த காற்றை ஃபேன் உள்ளே இழுக்க, மாவிலைத் தோரணம் உட்பக்கம் சாய்கிறது. யானைகள் அத்தனையும் திரும்பி அடுப்படிக்கு ஓடுகின்றன.

“லட்சுமியும் வந்தாச்சு, பொகையும் போயாச்சுண்ணா!” என்று பூங்காவனம் கைகொட்டிச் சிரிக்கிறாள். மரியலூர்து புயலை வென்ற மாலுமிபோல் நிமிர்கிறார். சவரிமேரி முந்தானையை மெல்ல விலக்கி, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறாள்.

“ஆமாங்க, திரும்பித்தான் போவுது. என் கண்ணாலயே பாத்துட்டேன்.”