கோப்பைக்குள் மீன்

குறி பார்க்கும் டாரட் சீட்டைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

பிறகு எதிர்ப்பக்கமாக.

எதிரே ஜெனிலாவின் கட்டில். போர்வைக்குள் இரண்டு தலையணைகள். கால் இருக்கவேண்டிய இடத்தில் சுருட்டிய துண்டு.

மதியம் இந்த இரண்டு கட்டில்களுக்கும் நடுவே, தரையில், எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெனிலா கேட்டது ஒரே கேள்வி. அவன் சொல்வது நிஜமா?

நிஜமென்றால் சாயங்கால பஸ்ஸில் மதுரைக்குப் போவாள். போனில் மட்டுமே பார்த்த முகம். பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். வீட்டில் பேசிவிட்டானாம். அம்மாவுக்குச் சம்மதமாம்.

ஜெனிலா உருவிக் கொடுத்த சீட்டை அவள்தான் திருப்பினாள். புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோலப் பக்கவாட்டில். மேலும் கீழுமாகப் புரட்டினால் சீட்டின் தலை மாறிவிடும். அதிலெல்லாம் அவள் கவனம்.

பேஜ் ஆஃப் கப்ஸ்.

பூப்போட்ட நீலச் சட்டையில் ஒரு பையன். பின்னால் கடல். கையில் ஒரு கோப்பை. கோப்பையிலிருந்து ஒரு மீன் தலையை நீட்டி அவனைப் பார்க்கிறது.

ஜெனிலா குளச்சல்காரி. அப்பா போட்டில் போகிறவர். மீனைக் கண்டதும் சிரித்துவிட்டாள்.

“ஏட்டி சாமியாரே, இவன் என்ன மீன டம்ளர்ல வச்சிருக்கான்? செத்துரும்லா!”

சீட்டுப் பார்ப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சீட்டு நேராக விழுந்தால் தூது. ஒருவன் மனதைத் திறந்து, வெட்கப்பட்டுக்கொண்டே, உள்ளதைச் சொல்ல வருகிறான். தலைகீழாக விழுந்தாலும் அதே பையன்தான். ஆனால் கோப்பை கவிழ்ந்துவிடும். பகல்கனவு. விளையாட்டுப் பிள்ளையின் பேச்சு. நம்பிப் போகிறவளுக்கு ஒன்றுமே இருக்காது.

நேரா, தலைகீழா என்பதைச் சீட்டுப் பார்ப்பவளின் பக்கத்திலிருந்துதான் சொல்ல வேண்டும்.

அவள் பக்கத்திலிருந்து பையன் தலைகீழாக இருந்தான்.

ஜெனிலாவின் பக்கத்திலிருந்து நேராக.

“நல்ல சீட்டுதானட்டி? என்னயப் பாத்து நிக்கான் பாரு.”

அந்த நேரம் பார்த்து ஜெனிலாவின் போன் அதிர்ந்தது. அவன்தான். கிளம்பிட்டியா என்று கேட்டிருந்தான்.

“அம்மாடி! சீட்டு சொல்லி வாய மூடல, மெசேஜ் வந்துட்டு!”

ஜெனிலா அவளைப் பார்த்த பார்வை. இந்தக் கோச்சிங் விடுதியில் அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. டெஸ்ட்டில் கடைசி ராங்க் வாங்குகிறவளை யார் பார்ப்பார்கள்?

“தூதுச் சீட்டு. மனசுல உள்ளதச் சொல்லுவான்,” என்றாள்.

பொய் இல்லை. பாதிதான் சொன்னாள்.

ஜெனிலா பையோடு போன பிறகு, இன்னொரு சீட்டு எடுத்துப் பார்த்தாள். முதல் சீட்டு விளங்காவிட்டால் எடுக்கிற துணைச்சீட்டு. விளங்காததால் அவள் எடுக்கவில்லை; பயத்தில் எடுத்தாள்.

செவன் ஆஃப் கப்ஸ். மேகத்துக்குள் ஏழு கோப்பைகள். ஒன்றில் நகை. ஒன்றில் கோட்டை. ஒன்றில் பாம்பு. கீழே, முகம் தெரியாத ஒருவர் மலைத்துப்போய் அண்ணாந்து நிற்கிறார். எல்லாம் மயக்கம், ஒன்றும் நிஜமில்லை என்கிற சீட்டு.

அப்போதே போன் செய்திருக்கலாம். பஸ் ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்காது. செய்யவில்லை.

இப்போது, இரவில், போன் செய்தால் சுவிட்ச் ஆஃப்.

சீட்டை மறுபடி திருப்பினாள்.

படுக்கையில் போன் ஒளிர்ந்தது.

ஜெனிலாவின் நம்பர்.

‘நான் நன்றாக இருக்கிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம்.’

அப்பாடா என்று மூச்சு வந்தது. தூது வந்துவிட்டது. சீட்டு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

இன்னொரு தடவை படித்தாள்.

ஜெனிலா டைப் செய்யவே மாட்டாள். சோம்பேறி. சோப்பு வேண்டும் என்றாலும் வாய்ஸ்தான் அனுப்புவாள். அதிலும் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு ‘ஏட்டி சாமியாரே’, அதற்குப் பிறகுதான் சோப்பு.

திரும்ப அழைத்தாள்.

சுவிட்ச் ஆஃப்.

வராந்தாவில் வார்டனின் செருப்புச் சத்தம். கதவுக்குக் கதவு நின்று நின்று வந்தது. இந்த அறை வாசலிலும் நின்றது. டார்ச் வெளிச்சம் ஜெனிலாவின் கட்டில்மேல் விழுந்தது.

“அவளுக்குத் தலவலி கொறஞ்சுதா பிள்ளே? எழுப்பாத, ஒறங்கட்டும்.”

வெளிச்சம் போர்வையை விட்டு நகர்ந்தது. செருப்பு அடுத்த அறைப் பக்கம் திரும்பியது.

“வார்டன் அக்கா.”

குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவள் எழுந்தாள். எதிர்க்கட்டிலுக்குப் போனாள். போர்வையின் நுனியைப் பிடித்தாள்.

“அக்கா!”

இழுத்தாள்.