ஒட்டகம் வெச்ச தண்ணி

ஒரு ஒட்டகம் பஜ்ஜிக் கடை வெச்சிருந்துச்சு. ஆன்லைன்ல ரெண்டே ரிவ்யூ, ரெண்டுமே அஞ்சு ஸ்டார். மூணாவதா வந்த தவளை ஒரே ஒரு ஸ்டார் போட்டுச்சு: "பஜ்ஜி சூப்பர். ஆனா தண்ணி கேட்டா, 'போன வாரம்தானே குடிச்ச?'ங்குறார்."

ரேட்டிங் 3.7க்கு விழுந்துச்சு. கூட்டமெல்லாம் எதிர்க்கடைக்குப் போயிடுச்சு.

"இதை அழிச்சு விடு மாப்ள"ன்னு பக்கத்துக் கடைக் கிளிகிட்ட கெஞ்சுச்சு ஒட்டகம்.

"போட்டவன்தான் மாத்த முடியும் மாமா. நீ வேணா கீழ பதில் எழுதலாம்."

ஒட்டகம் எழுதல. முறைச்சுக்கிட்டே ஒரு டம்ளர் தண்ணி வெச்சுச்சு. அது உடனே காலி. மறுநாள் சொம்பு வெச்சுச்சு. அடுத்த வாரம் பெரிய பானையே வந்துச்சு. கூட்டமும் திரும்ப வந்துச்சு.

தவளையும் ரெண்டு நாள் தொடர்ந்து வந்து குடிச்சுட்டு, பழைய ரிவ்யூவைத் திறந்து அஞ்சு ஸ்டாரா மாத்துச்சு.

ஒட்டகம் கழுத்தை நிமித்தி, இப்பதான் கீழ பதில் எழுதுச்சு: "என் கடைப் பானை காலியாவே இருக்காது தம்பி, எப்ப வேணா வா. ஆனா ஒண்ணுதான் புரியல, நேத்துதானே குடிச்ச?"