நீக்கப்பட்ட செய்தி

நெருப்பெரிச்சல் ஊரிலுள்ள பனியன் கம்பெனியில் மதிய மணி அடித்து, மிஷின்கள் ஓய்கின்றன. செக்கிங் மேசையில் குவிந்த வெள்ளைப் பனியன்களுக்குப் பக்கத்தில், டிபன் பாக்ஸைத் திறக்காமல், ரோஸ்மேரி போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். பள்ளி வாட்ஸப் குரூப்பில் அவளைக் கண்டுபிடித்து, சில மாதங்களாகத் தனியே எழுதிவருகிறான் ஆத்தப்பன். பத்தாம் வகுப்பில் உடன் படித்தவன், கல்யாணமே செய்துகொள்ளாதவன். “இன்னும் என்னைய ‘போலே’ன்னு திட்டுவீங்களா?” “போலே.” “அப்பாடா! இதக் கேட்டு எத்தன வருசமாச்சுங்க.” தூத்துக்குடியிலிருந்து வந்த புதிதில் அவள் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்ததும், அவன் மட்டும் அதைப் பேசிப் பழகியதும் நினைவுக்கு வருகின்றன. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. ‘டைப்பிங்’ என்று தோன்றுகிறது, மறைகிறது, மறுபடி தோன்றுகிறது. கணவர் இறந்து, மகளோடு தனித்த பிறகு யாருடைய சொல்லுக்கும் அவள் இப்படிக் காத்திருந்ததில்லை. பக்கத்து மேசைக்காரி ஊறுகாய் கேட்க, எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள். அதற்குள் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் நிற்கிறது. “அழிச்சா ஆச்சா? நான் படிச்சிட்டேன்லே” என்று பொய்யை அனுப்புகிறாள். உடனே இரண்டு நீலக் குறிகள். “ஐயோ! அப்ப உங்க பதில் என்னங்க?” கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் மனமில்லை. “சரி” என்று மட்டும் அனுப்புகிறாள். “நெசமாவுங்களா? அப்ப ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்து உங்க மககிட்டயும் சம்மதம் கேட்டுக்கறேனுங்க.” ரோஸ்மேரி கையிலிருக்கும் பனியனால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். இல்லையென்று திருத்த அவள் விரல் போகவில்லை.