மூன்று அடி மௌனம்

“எவன்டா அது, எல்லாரும் நிறுத்தின இடத்துல முனகுறது?” என்று கத்தினார் டிரம்மர்.

முனகியது அண்ணனின் கீபோர்டு. விரல்களை எடுத்தவர், பெடலிலிருந்து காலை எடுக்க மறந்துவிட்டார். வாத்தியங்கள் சட்டென்று அடங்கி, குரல் மட்டும் கேட்க வேண்டிய இடம் அது. குரலோடு ஒரு கொசுவும் சேர்ந்து பாடியது போலாகிவிட்டது.

“நான்தான்பா. கை சொன்ன பேச்சு கேக்குது, கால்தான் தனிக்கட்சி. நிறுத்தணும்னு எழுதினவனே நிறுத்தலை, போதுமா?” என்றார் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆடியோ கம்பெனிக்காரர் வந்துவிடுவார். இந்தக் குழுவின் பாட்டுகளை ஏற்கெனவே பலமுறை கேட்டு, ஒவ்வொரு முறையும் “பார்ப்போம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர். இதற்குமேல் வர மாட்டேன் என்று இந்த முறை சொல்லியே அனுப்பியிருந்தார்.

மைக் முன்னால் நின்ற தங்கை ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். “அண்ணே, பல்லவியில மட்டும் ஏன் என்னை இப்படித் தனியா விடுறீங்க? பின்னாடி நீங்கல்லாம் வாசிச்சாத்தான் எனக்குப் பாட்டே வருது.”

“நல்லாக் கேளு பாப்பா,” என்றார் டிரம்மர். “இத்தனை மூட்டையையும் மாடிக்குத் தூக்கிட்டு வந்தது சும்மா உக்காரவா?”

“சும்மா இல்லப்பா. நாலு அடிக்கு ஒரு சுற்று. முதல் அடியில நாம எல்லாரும் சேர்ந்து டக்குனு அடிச்சு நிறுத்துற ஒரே ஒரு வெட்டு. மிச்சம் மூணு அடி மௌனம். அந்த மூணுல அவ பாடணும். எட்டுச் சுற்று இப்படி. ஒன்பதாவதுல எல்லா வாத்தியமும் மொத்தமா உள்ளே விழணும். வாங்க, இன்னொரு வாட்டி.”

ஆரம்பித்தார்கள். ஐந்தாம் சுற்றிலேயே தங்கை முந்த ஆரம்பித்தாள். வாத்தியங்கள் உள்ளே விழுந்தபோது அவள் அரை அடி முன்னால் நின்றாள். சுருதியும் ஒரு இழை இறங்கியிருந்தது.

“சத்தமே இல்லாத இடம் ரொம்ப நீளமாத் தெரியுதுண்ணே. பயத்துல சீக்கிரம் முடிச்சிடறேன்.”

“தப்பு உன்மேல இல்ல, என் வரிமேல,” என்றார் அண்ணன்.

‘ஆசையாய் ஓர் ஆகாயம்’ என்று எழுதியிருந்தார். எல்லாம் நீளமான எழுத்துகள். பிடித்துக்கொள்ள ஒரு முனை கிடையாது. வாத்தியம் ஓடும்போது தாளத்தை அது பார்த்துக்கொள்ளும். அது நின்றுவிட்டால் சொல்தான் தாளம் போட வேண்டும். ஆகாயத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, ‘தட்டித் தட்டித் திற’ என்று எழுதினார்.

“முதல் அடி எங்க வெட்டு. அப்ப நீ மூச்சு எடு. ரெண்டாவதுக்கு ஒரு ‘தட்டி’. மூணாவதுக்கு ஒரு ‘தட்டி’. நாலாவதுக்கு ‘திற’. எழுத்து எப்படி அடிச்சு விழுது பாரு. நீயேதான் டிரம்ஸ்.”

“அப்ப நான் விசிறி வீசட்டுமா?” என்றார் டிரம்மர்.

“நீ சத்தம் வராம காலை ஆட்டி எண்ணிக்கிட்டே இரு. எண்ணிக்கை விட்டா எல்லாரும் பள்ளத்துல விழுவோம்.” பேஸ் வாசிப்பவரிடம் திரும்பினார். “நீங்க ஒவ்வொரு வெட்டுலயும் ஆதார ஸ்வரத்தை மட்டும் அடிங்க. அவ சுருதிக்கு அதுதான் கைப்பிடி.”

இந்த முறை அவள் முந்தவில்லை. ஒன்பதாம் சுற்றில் எல்லோரும் ஒன்றாக விழுந்தபோது டிரம்மர்கூடக் குறை சொல்ல மறந்துவிட்டார்.

அண்ணனுக்குத் திருப்தி இல்லை. “கடைசி ரெண்டு சுற்றுல அந்த வெட்டையும் எடுத்துடலாம்.”

“அண்ணே! கைப்பிடியே இல்லாமலா? விழுந்துட்டா?”

“விழ மாட்டே.” அண்ணன் தாளில் கடைசி இரண்டு வெட்டையும் அடித்தார்.

“இது நம்ம பாட்டா, பாப்பா பாட்டா?” என்று முணுமுணுத்தார் பேஸ்காரர்.

“நம்ம பாட்டுதான்,” என்றாள் தங்கை சூடாக. “கம்பெனி எடுத்தா பேண்டுல எல்லாரையும் எடுக்கணும், இல்லேன்னா நானும் போக மாட்டேன். அந்தக் கம்பெனி ஆள்கிட்ட சொல்லிட்டீங்கல்லண்ணே?”

அண்ணன் பதில் சொல்வதற்குள் கம்பெனிக்காரர் வந்து ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார்.

வாசித்தார்கள். பல்லவி வந்தது. வெட்டு, மௌனம், குரல். வெட்டு, மௌனம், குரல். ஆறு சுற்று முடிந்தது. ஏழாவதில் வெட்டும் இல்லை. டிரம்மரின் கால் காற்றில் எண்ணியது. அறையில் அந்தக் குரல் மட்டும் தட்டியது, தட்டியது, திறந்தது. எல்லோரும் உள்ளே விழுந்தார்கள். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க் கதவைச் சாத்தினார். “சார், ‘பார்ப்போம்’னு மட்டும் சொல்லிடாதீங்க. மனசுல பட்டதைச் சொல்லுங்க.”

கம்பெனிக்காரர் தாடையைச் சொறிந்தார். “வருத்தப்படாதீங்க, நேராவே சொல்றேன். அந்தப் பொண்ணு மட்டும் போதும். பேண்ட் வேண்டாம்.”

அண்ணன் கண்ணாடி வழியே டிரம்மரைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். அடுத்த நொடி டிரம்மர் குச்சிகளைத் தரையில் வீசியெறிந்தார். “இனிமே உங்கண்ணனோட வாசிக்கிறதா இல்ல பாப்பா! பேண்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!” பேஸ்காரரும் ஒயரைப் பிடுங்கினார். தங்கை திகைத்து நின்றாள்.

“என்ன சார் இது, திடீர்னு சண்டை?” என்று பதறினார் கம்பெனிக்காரர்.

“திடீர்னு இல்ல சார், போன வாரமே நாங்க மூணு பேரும் பேசி வச்ச பொய்ச் சண்டை,” என்றார் அண்ணன், கண்களைத் துடைத்துக்கொண்டு. “பேண்டுன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் அவ தனியா வர மாட்டா.”