நாத்தும் பேரீச்சங்கன்னும்

அரபின்னு ஆரம்பிச்சா நீங்க என்ன எதிர்பாப்பீங்கன்னு எனக்குத் தெரியும். ஒட்டகம் வரும், விசா ஏஜெண்ட் ஏமாத்துவான், கடைசியில ஒரு சென்ட்டு பாட்டில் ஒடையும்.

எதுவும் வராதுங்க. ஒரு தாலாட்டு வரும். தூங்கிடாதீங்க.

திருத்துறைப்பூண்டியில ஜாஃபர் சாதிக் பாயோட ஜெராக்ஸ் கடை. பாய் மக ஷமீரா அரபி எம்.ஏ. கல்ஃபுக்குப் போற சர்ட்டிபிகேட்டையெல்லாம் அதுதான் அரபியில மாத்திக் குடுக்கும்.

கனிமொழி டீச்சர் உள்ள வந்தாங்க. பின்னாலயே அவங்க அம்மா செவ்வந்தி.

"பாட்டு ரெடியா ஷமீரா? தெரு பூரா சொல்லிட்டேன். எங்கம்மா பாட்டு மஸ்கட்ல மேடை ஏறப் போவுது."

விஷயம் இதுதான். செவ்வந்தி மஸ்கட்ல ஒரு வீட்டுல ரொம்ப வருஷம் புள்ள வளத்துச்சு. கனிமொழி இங்க அப்பாகிட்ட வளந்துச்சு. அங்க வளத்த நூராவுக்கு இப்ப கல்யாணம். "நீ எனக்குப் பாடுன பாட்ட அனுப்பு, எல்லார் முன்னாடியும் அரபியில படிக்கணும்"னு கேட்டுருக்கு.

செவ்வந்தி காலண்டர் தாள் பின்னால எழுதி, போட்டோ புடிச்சு அனுப்பிச்சு. போன்ல இருக்குற ஆப்பு அதைப் படிச்சுட்டு 'நாத்தே கண்ணுறங்கு'ங்கறத 'துர்நாற்றமே தூங்கு'ன்னு மாத்திருச்சு. கல்யாணப் பொண்ணு பயந்துபோச்சு. அதான் அந்த போட்டோ ஷமீராகிட்ட வந்துச்சு.

பாட்டு இதான்:

நாத்தங்கால் பிரிஞ்சு வந்த நாத்தே கண்ணுறங்கு
சேத்துல வேர்புடிச்ச செல்லமே கண்ணுறங்கு
பாத்தி மாறிப் போனாலும் பச்சை மாறாது
காத்திருக்கா ஒன் ஆத்தா கடலுக்கு அக்கரையில

"வரிக்கு வரி அர்த்தம் சொல்லு"ன்னாங்க டீச்சர். பசங்க நோட்டைத் திருத்துற அதே குரல்.

"மொத வரி... தாய்மரத்த விட்டுப் பிரிச்ச பேரீச்சங்கன்னே, கண்ணுறங்கு."

"பேரீச்சையா? எங்க வயல்ல பேரீச்ச மரம் எப்படி மொளச்சுச்சு?"

"அக்கா, நெல்லு நாத்துன்னா அரபியில 'ஷத்லத் அருஸ்'. சொல்லிப் பாருங்க. தூளி ஆடுறப்ப யாரோ கயித்தப் புடிச்சு நிறுத்துன மாதிரி இருக்கும். அதுவும் இல்லாம நூரா நாத்து பறிச்சுப் பாத்துருக்குமா? பேரீச்சங்கன்னத் தாய்மரத்துலேர்ந்து பிரிச்சு வேற எடத்துல நடுவாங்க. அது அங்க எல்லாருக்கும் தெரியும். 'ஃபஸீலா'ன்னு பேரு. நாத்து போச்சு, ஆனா பிரிச்சு நடுறது போவல."

டீச்சர் மொகத்துல பாதி மார்க்கு விழுந்துச்சு.

"ரெண்டாவது?"

"'ஜமீலா'ன்னு முடியும். அழகியே, வேர்புடிச்சு நில்லு. சேத்த வுட்டுட்டேன்."

"சேத்த வுட்டியா? சேறு இல்லாம எங்கம்மா ஏது?"

"நம்ம பாட்டுல நாத்து, சேத்து, பாத்தி, காத்துன்னு ரைம் வரியோட தலையில வருது. அரபிக்கு ரைம் வால்ல வரணும். எல்லா வரியும் ஒரே ஓசையில முடியணும். ஃபஸீலா, ஜமீலா... மூணாவது 'தவீலா'. எங்க நட்டாலும் ஒசரமா வளருவ. பச்சையும் போச்சுதான். ஒரு சொல்லக் குடுத்து ஒரு சொல்ல வாங்குறேன் அக்கா."

"படிச்ச புள்ள, அதுக்குத் தெரியாதா, வுடு"ன்னுச்சு செவ்வந்தி. கண்ணு மின்விசிறியில.

"நீ சும்மா இரும்மா. நாலாவது?"

ஷமீரா தொண்டையச் செருமிக்கிச்சு. "தூங்கு கண்ணே, ஒலகமே ஒனக்கு நெழலா நிக்குது."

"ஆத்தா எங்க?"

ஷமீரா தாளத் திருப்பி வச்சுச்சு.

"கடல் எங்க? அக்கரை எங்க?"

"'உம்மு'ன்னா அரபியில அம்மா. அது 'ஈலா'வோட சேரல அக்கா. ரைமுக்காக மாத்திட்டேன்."

டீச்சர் குரல் எறங்கிடுச்சு. எறங்குனாதான் ஆபத்து, அவங்க பசங்களுக்குத் தெரியும்.

"ரைமா? பயம்னு சொல்லு. அவ்வளவு பெரிய வீட்டுக் கல்யாணத்துல வேலைக்காரி தன்ன ஆத்தான்னு சொல்லிக்கிறதான்னு நெனச்சுட்ட. எங்கம்மா இப்ப இங்க உக்காந்துக்கிட்டு அந்தப் புள்ளய நெனச்சுப் புதுசா சேத்த வரி அது. எனக்கே பொறாமதான். ஆனாலும் அந்த ஊரு படிக்கட்டும், அந்தப் பொண்ணுக்கு இன்னொரு ஆத்தா இருக்கான்னு. ஓசை கெட்டாலும் பரவால்ல. ஆத்தாவ வை."

"வராது அக்கா."

"வராதா, வைக்க மாட்டியா?"

"எனக்கு அவ்வளவுதான் தெறமை. வேற யாருகிட்டயாவது குடுத்துக்கங்க." ஷமீரா தலைய நிமித்தல.

"எம்.ஏ. படிச்சு என்ன பிரயோஜனம்"னாங்க டீச்சர்.

அதுவரைக்கும் ஜெராக்ஸ் மிஷின்ல சிக்குன தாளை உருவிக்கிட்டிருந்தாரு பாய். மகளோட தெறமையப் பத்திச் சொன்னதும் மனுஷனுக்குத் தாங்கல. செவ்வந்தி வேணாம்னு கையக் காட்டுனதையும் பாக்கல.

"யாருக்குத் தெறமை இல்ல? நேத்து காலையில எம் மக 'உம்மு'வ வரி நடுவுல வச்சு, 'அலீலா'ன்னு முடிச்சு, 'அக்கரையில ஒன் ஆத்தா ஏங்கிக் கெடக்கா'ன்னு அப்படியே பாடிக் காட்டுச்சு. அர்த்தமும் போவல, ரைமும் போவல. நீங்க ஸ்கூலுக்குப் போனப்பறம் உங்கம்மாதான் வந்து அந்த வரிய எடுக்கச் சொன்னாங்க."

"எங்கம்மாவா? ஏன்?"

"நூராவோட உம்மா அப்ப பக்கத்து ரூம்லதான் இருந்தாங்களாம். அந்தப் பாட்டு தனக்குப் பாடுனது இல்லன்னு கல்யாணத்தன்னிக்கு அந்தப் பொண்ணு கண்டுபுடிச்சிருமாம். அங்க தூளிய ஆட்டிக்கிட்டே, அக்கரையில இருந்த ஒங்களுக்குத்தாம்மா பாடுனாங்களாம்."