ஸ்டாக் தீரவில்லை

செல்போன் மறுபடியும் ‘டிங்’ என்றது. இன்னொரு ஆர்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலேயே எங்கள் கடையின் எல்லா மெழுகுவத்திகளுக்கும் ஸ்டாக்கைப் பூஜ்யமாக்கியிருந்தேன். அப்படிச் செய்துவிட்டால் வலைத்தளத்தில் பார்ப்பவர்களுக்குத் ‘தீர்ந்துவிட்டது’ என்றுதான் தெரியும். யாராலும் வாங்க முடியாது.

ஆனாலும் காலையிலேயே சில ஆர்டர்கள் வந்தன. நான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டேன் போலிருக்கிறது என்று திரும்பவும் பூஜ்யமாக்கினேன்.

இப்போது மதியச் சாப்பாடு முடிந்த கையோடு இது.

கடை, பலரும் பொருள் விற்கும் ஒரு வலைத்தளத்தில். தொழிற்சாலை எங்கள் வீட்டு ஹாலில். சோபா முழுக்க மெழுகு ஊற்றிய கண்ணாடிக் குப்பிகள். அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் டிவி இருப்பதாக ஐதீகம்.

பண்டிகை நெருங்கியதும் நானும் அப்பாவும் திண்டாடிப் போனோம். அண்ணனையும் அக்காவையும் தனித்தனியாகத்தான் கூப்பிட்டேன். பேசிக்கொள்ளாத இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து நின்றார்கள்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதமானது யாரால் என்று ஆரம்பித்த சண்டை அது. அம்மாவும் போய்விட்டாள், இவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த பேச்சும் போய்விட்டது.

அக்கா குப்பியைக் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் காகிதத்தைக் கசக்கித் திணிப்பாள். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள். உள்ளே ஆடினால் இன்னும் காகிதம். அண்ணன் டேப் ஒட்டி, எடை போட்டு, மேலே லேபிளை ஒட்டுவான்.

ஒரே விரிப்பில் முட்டிக்கு முட்டி உட்கார்ந்துகொண்டு, “டேப் எங்கன்னு கேளு” என்று அண்ணன் என்னிடம் சொல்வான். அது அக்காவின் மடியில் கிடக்கும்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் அண்ணன் லேபிளைப் பெட்டியின் விளிம்பில் ஒட்டிவிட்டான். பார்கோடு பாதி மேலேயும் பாதி பக்கவாட்டிலும் மடிந்து கிடந்தது. கூரியர்காரரின் கருவி அதைப் படிக்காது. படிக்காத பெட்டி வண்டியில் ஏறாது.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. “கண்ணு எங்க இருக்கு உனக்கு? கோடு மடங்குது பாரு!”

நேராக அவனிடமே சொல்லிவிட்டாள். ஹால் அப்படியே நின்றுவிட்டது.

அண்ணன் வேறு லேபிள் அச்சடித்துத் தட்டையாக ஒட்டினான். அன்று சாயங்காலம் டீ போட்டபோது அவளுக்கும் சேர்த்தே போட்டான். அக்கா சர்க்கரை போதவில்லை என்றாள். அதையும் அவனிடமே சொன்னாள். சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

இன்றைக்கு அதெல்லாம் முடிகிறது. இருக்கும் பெட்டிகளைக் கூரியர்காரர் எடுத்துக்கொண்டதும் இருவரும் கிளம்புகிறார்கள். பைகள் வாசலில் தயார். போனால் மறுபடி வருவார்களா, வந்தாலும் பேசிக்கொள்வார்களா, எனக்குத் தெரியாது.

அவர்கள் இல்லாமல், அப்பாவை வைத்துக்கொண்டு என் ஒருத்தி கையால் ஆகாது என்றுதான் ஸ்டாக்கைப் பூஜ்யமாக்கினேன். வந்த ஆர்டரைச் சொன்ன நாளுக்குள் அனுப்பாவிட்டால் தாமதம் என்று பதிவாகும். அது கூடினால் வலைத்தளம் எங்களைத் தேடலில் கடைசிக்குத் தள்ளிவிடும். அப்புறம் கடையை மூட வேண்டியதுதான்.

யாரோ ஸ்டாக்கை ஏற்றுகிறார்கள். லேபிள் அச்சடிக்க வசதியாக வீட்டில் எல்லோர் போனிலும் கடைக் கணக்கைத் திறந்து வைத்திருந்தேன்; யார் வேண்டுமானாலும் ஸ்டாக்கை மாற்றலாம்.

‘டிங்.’

இந்த முறை சத்தம் வந்ததும் ஹாலை ஒரு பார்வை பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு.

அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். “அப்பா, நீங்களா?”

அவர் மறுக்கவில்லை. “இன்னும் கொஞ்சம் ஆர்டர் வந்தா, இவங்க இன்னும் ரெண்டு நாள் இருப்பாங்க இல்ல?” என்றார் மெதுவாக.

வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அதுக்காக ரெண்டு தடவையாப்பா? காலையில ஒண்ணு, சாப்பிட்டுட்டு ஒண்ணு?”

அப்பா விழித்தார். “காலையில மட்டும்தான்மா நான் மாத்தினேன்.”

திரும்பிப் பார்த்தேன். எப்போது டிங் கேட்டாலும் “எத்தனை?” என்று போட்டி போட்டுக்கொண்டு கேட்கிற இருவரும் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரே பெட்டியில் மும்முரமாக இருந்தார்கள்.

ஒருவரா, இருவருமா என்று நான் கேட்கவில்லை. மெழுகு உருக்க அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.